பத்துப் படை சுற்றியும் பெட்டி குளிர்ந்துவிட்டது: செய்மதிக் காப்புறையில் எங்கே பிழைத்தோம்?

நிலாச்சுற்று எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் நாலு பேர் சேர்ந்து ஒரு சிறிய செய்மதியின் வெப்பக் கணக்கைப் பயிற்சியாகச் செய்துகொண்டிருக்கிறோம். 30 சென்ரிமீற்றர் கனசதுரப் பெட்டி, 15 கிலோ, உள்ளே மின்சுற்றுகள் 20 வாற்று வெப்பம் விடும், 500 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும். ஏவப்போவதில்லை. ஆனாலும் ஏவப்போவதுபோலவே கணக்குப் பார்க்க ஆசை.

செய்மதிகளைச் சுற்றியிருக்கும் அந்த மினுங்கும் பலபடைக் காப்புறையை நாங்களே செய்து பார்த்தோம். மலையேறுபவர்கள் வைத்திருக்கும் அவசரகாலப் போர்வையை வெட்டி, புறக்கோட்டையில் வாங்கிய நெட் துணியை இடையிடையே வைத்து, பத்துப் படை சுற்றினோம். உள்ளே ஒரு சின்ன அலுமினியப் பெட்டி, அதில் வெப்பநிலை சென்சர். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் உறைபெட்டியைக் காலி செய்து (மீனெல்லாம் ஒரு நாளைக்கு அடுத்த வீட்டுக்குப் போனது) உள்ளே வைத்தோம்.

சுற்றாத பெட்டி 30 பாகையிலிருந்து 10 பாகைக்கு வர 50 நிமிடம் எடுத்தது. பத்துப் படை சுற்றிய பெட்டிக்கு 70 நிமிடம். இவ்வளவுதானா? வாசித்ததை வைத்துப் பார்த்தால் பல மணித்தியாலம் எடுக்கும் என்று நினைத்திருந்தோம். எங்கே பிழைத்தோம்?

கொட்டாஞ்சேனை_ரவி எழுதியது:

பத்துப் படை போதாது. விண்வெளி −270 பாகை. அங்கே 45 நிமிடம் வெயிலில் +120, அடுத்த 45 நிமிடம் நிழலில் −150 என்று பெட்டி ஏறி இறங்கும். அந்தக் குளிரைத் தாங்க இருபது படையாவது வேண்டும், ஒரு பக்கமும் விடாமல் ஆறு பக்கமும் சுற்ற வேண்டும். பயிற்சிப் பெட்டியிலும் மூலைகளை நன்றாக இறுக்கி ரேப் ஒட்டிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

தெகிவளை_மணி எழுதியது:

தங்கச்சி, நீங்கள் செய்தது நல்ல சோதனை. பிழை படைகளில் இல்லை. ஃபிரிட்ஜுக்குள் காற்று இருந்தது, அதுதான் காரணம்.

நான் வெளிநாட்டில் பல வருடம் செய்மதிப் பொருத்தும் கூடத்தில் வேலை செய்தவன். இந்தக் காப்புறையை எத்தனையோ தடவை என் கையால் தைத்திருக்கிறேன். மினுங்கும் படை ஒவ்வொன்றும் வெப்பக் கதிரைத் திருப்பி அனுப்பும், அதுதான் அதன் வேலை. ஆனால் இரண்டு படைக்கு நடுவே காற்று இருந்தால், வெப்பம் கதிராகப் போகத் தேவையே இல்லை. காற்று மூலக்கூறே அதை ஒரு படையிலிருந்து அடுத்த படைக்குச் சுமந்துபோய்விடும். அதனால் உங்கள் பத்துப் படையும் ஒரு கனமான துணிபோலத்தான் வேலை செய்திருக்கும். அந்த 20 நிமிட வித்தியாசம் அந்தத் துணியின் பங்கு.

இந்த உறை உண்மையில் வேலை செய்யத் தொடங்குவது அழுத்தம் பத்தாயிரத்தில் ஒரு ரொர் அளவுக்குக் கீழே போன பிறகுதான். ஆய்வுகூடத்தில் கண்ணாடி மணிச்சாடியில் ஓடும் சாதாரண சுழல் பம்ப் அந்த அளவுக்கு இறக்காது. அதற்குப் பின்னால் இன்னொரு உயர்வெற்றிடப் பம்ப் வேண்டும்.

ரவி தம்பி, இறுக்கி ஒட்டுவது நேர் எதிரான வேலை. படைகள் ஒன்றையொன்று அழுத்தித் தொட்டால் வெப்பம் தொடும் இடங்களால் கடத்தலாக ஓடிவிடும். நெட் துணி இருப்பதே படைகள் தொடாமல் இருக்கத்தான். பத்துப் படையைத் தளர்வாக வைத்தது, இருபது படையை அமுக்கி வைத்ததைவிட நன்றாக இருக்கும். மூலைகளில் உறை மடியும்போது தானாகவே அமுங்கும், அதனால்தான் சிறிய செய்மதிகளில் இந்த உறை ஏட்டில் உள்ள அளவுக்கு ஒருபோதும் வேலை செய்வதில்லை. பெரிய தட்டையான பரப்பில் அளந்த எண்ணை எடுத்துச் சின்னப் பெட்டிக்குப் போடாதீர்கள்.

சாந்தி_வத்தளை எழுதியது:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டுக் கூரை ஷீற்றுக்கு அடியில் இதே மினுங்கும் தாளைத்தான் போன வருடம் அடித்தோம். வேலைக்கு வந்தவர்கள் ஷீற்றோடு ஒட்டினாற்போல ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். ஏப்ரலில் அறைக்குள் இருக்க முடியவில்லை, முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அப்படியென்றால் நாங்களும் நெட் துணி வைத்து இன்னும் பல படை அடிக்க வேண்டுமா?

தெகிவளை_மணி எழுதியது:

சாந்தி அக்கா, பல படை வேண்டாம். உங்கள் கூரையில் காற்று எப்போதும் இருக்கும், அதனால் படையைக் கூட்டிக் காசை வீணாக்காதீர்கள். தாள் ஷீற்றோடு ஒட்டியிருந்தால் ஷீற்றின் சூடு நேரே தாளுக்குள் ஏறும், அவ்வளவுதான். ஷீற்றுக்கும் தாளுக்கும் நடுவே இரண்டு அங்குலமாவது இடைவெளி விட்டு, மினுங்கும் பக்கம் கீழே பார்க்கும்படி ஒரே ஒரு படை அடித்தால் போதும். மேலே பார்த்தால் தூசி படியும். தூசி படிந்த மினுக்கம் மினுக்கமில்லை.

செய்மதியிலும் இதே கதை உண்டு. தூசிக்குப் பதிலாக அங்கே பசையிலிருந்தும் பெயின்றிலிருந்தும் கிளம்பும் ஆவி போய்ப் படியும்.

நிலாச்சுற்று எழுதியது:

மணி அண்ணா, மிக்க நன்றி. சரி, காற்றுத்தான் காரணம் என்று எடுத்துக்கொள்கிறோம். அப்புறம் ரவி அண்ணா சொன்னதுபோல ஆறு பக்கமும் சுற்றினால் விண்ணில் சரியாக இருக்குமா?

தெகிவளை_மணி எழுதியது:

இல்லை, அவிந்துவிடும். உள்ளே 20 வாற்று ஓடுகிறது, அதற்கு வெளியே போக வழி இல்லை. உங்கள் பெட்டியின் மொத்தப் பரப்பு 0.54 சதுர மீற்றர். சின்னப் பெட்டியில் மூலை, தையல் எல்லாம் சேர்த்து உறை ஒரு கரும்பொருளில் 3 சதவீத அளவுக்கு வெப்பத்தை விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வழியால் 20 வாற்றும் போக வேண்டும் என்றால் உள்ளே 100 பாகைக்கு மேல் ஏறித்தான் சமநிலைக்கு வரும்.

ரவி சொன்ன +120, −150 பற்றியும் சொல்ல வேண்டும். அது பாதி சரி. மெல்லிய வெளித்தோலும், விரித்து வைத்த சோலார் பனலும் நிழலுக்குள் போன சில நிமிடத்தில் படபடவென்று குளிரும், எடை மிகக் குறைவு என்பதால். ஆனால் 15 கிலோப் பெட்டியின் வெப்பநிலையை ஒரு பாகை மாற்ற ஏறக்குறைய 13 கிலோயூல் வேண்டும். 500 கிலோமீற்றரில் ஒரு சுற்று 94 நிமிடம், அதில் நிழல் 35 நிமிடம். அந்த 35 நிமிடத்தில் 15 வாற்று இழந்தாலும் பெட்டி இறங்குவது இரண்டு மூன்று பாகைதான். 2019இல் சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து விடப்பட்ட நம் நாட்டின் இராவணா-1 ஒரு கிலோ அளவுப் பெட்டி. அந்த எடைக்கு ஒவ்வொரு நிழலிலும் 20, 30 பாகை இறங்கலாம். ஆகவே யாருடைய எண்ணை எடுத்தாலும் முதலில் எடையைப் பாருங்கள்.

ஐந்து பக்கத்துக்கு உறை போடுங்கள். ஆறாவது பக்கத்தில் வெயில் படாத இடத்தில் வெள்ளைப் பெயின்ற் அடித்த வெறும் தகடு ஒன்றைத் திறந்து வையுங்கள். அதுதான் கதிர்வீசும் தகடு, ரேடியேட்டர். உள்ளே இருக்கும் சூடு முழுவதும் அந்த ஒரு கதவால் போக வேண்டும். எவ்வளவு பெரிய கதவு என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. கணக்குப் போட்டுக் கொண்டு வாருங்கள், பார்க்கிறேன்.

நிலாச்சுற்று எழுதியது:

போட்டுவிட்டோம். வெள்ளைப் பெயின்றின் காலற்றிறன், அதாவது வெப்பக் கதிரை விடும் திறன், 0.85, தகடு 20 பாகையில் (293 K) இருக்க வேண்டும் என்று எடுத்தோம்.

```
Q = ε σ A T^4
20 = 0.85 × 5.67e-8 × A × 293^4
A = 0.056 m²
```

ஏறக்குறைய 24 சென்ரிமீற்றர் சதுரம். பக்கத்தின் அளவு 30 என்பதால் தாராளமாக இடம் இருக்கிறது. சூரியன் படாத பக்கம் என்பதால் உள்வரும் வெப்பத்தைப் பூச்சியம் என்று விட்டோம்.

தெகிவளை_மணி எழுதியது:

பெருக்கல் சரி. ஆனால் அந்தப் பூச்சியம் பிழை, இது எல்லோரும் முதல் தடவை விடும் பிழை. சூரியன் படாவிட்டாலும் பூமி படும். பூமி இரவு பகல் பார்க்காமல் சதுர மீற்றருக்குச் சராசரி 240 வாற்று அளவு வெப்பக் கதிர் விட்டுக்கொண்டே இருக்கிறது. உங்கள் தகடு பக்கவாட்டில் நிற்பதால் அதன் பார்வையில் கால்வாசிக்குச் சற்று மேல் பூமி. பெயின்ற் அந்தக் கதிரை நன்றாகவே விழுங்கும், ஏனென்றால் எந்த அலைநீளத்தில் நன்றாக விடுகிறதோ அதே அலைநீளத்தில் நன்றாக எடுக்கவும் செய்யும். கணக்குப் பார்த்தால் சதுர மீற்றருக்கு 54 வாற்று. பூமியில் பட்டுத் தெறிக்கும் சூரிய ஒளியையும் சேர்த்தால் 66 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

20 பாகையில் தகடு விடுவது 356. அதிலிருந்து 66 போனால் 290. 20 வாற்றுக்கு 0.07 சதுர மீற்றர், அதாவது 26 சென்ரிமீற்றர் சதுரம். இன்னும் இடம் இருக்கிறது, சந்தோஷம். ஆனால் அதே தகட்டைப் பூமியைப் பார்க்க வைத்திருந்தால் பூமி மட்டும் 175 கொடுத்திருக்கும், உங்களுக்கு இந்தப் பக்கமே போதாது.

உறை போட்ட பக்கங்களையும் ஒரு பார்வை பாருங்கள். வெயில் நேரே படும் பக்கத்தை வெறும் கறுப்பாக விட்டால் அந்த ஒரு பக்கத்தால் மட்டும் 110 வாற்று உள்ளே வரும். உறை போட்டால் வெளித்தோல் 60 பாகைக்கு ஏறினாலும் உள்ளே வருவது ஒரு வாற்றுக்கும் குறைவு. உறையின் பெரிய வேலை குளிரைத் தடுப்பது மட்டும் என்று நினைக்காதீர்கள், வெயிலையும் அதுதான் வெளியே வைக்கிறது.

கொட்டாஞ்சேனை_ரவி எழுதியது:

எடை விஷயம் எனக்குத் தெரியாமல் இருந்தது, நன்றி அண்ணை. ஆனால் ஒன்று கேட்கிறேன். வெயிலை அப்படித் தடுக்கும் உறை கழன்று போனால் என்ன ஆகும்? அப்படி நடந்திருக்கிறதா?

தெகிவளை_மணி எழுதியது:

நடந்திருக்கிறது, மனிதர் இருக்கவேண்டிய நிலையத்திலேயே. 1973 மே 14ஆம் திகதி ஸ்கைலாப் ஏவப்பட்டு ஏறக்குறைய ஒரு நிமிடத்திலேயே அதன் வெளிக்கவசம் காற்றில் பிய்ந்து போனது. விண்கற்களைத் தடுக்கும் அதே கவசம்தான் வெயிலையும் தடுத்துக்கொண்டிருந்தது. உள்ளே 50 பாகைக்கு மேல் ஏறியது. தரையில் இருந்தவர்கள் நிலையத்தைச் சாய்த்து வெயிலைக் குறைத்தார்கள். சாய்த்தால் சோலார் பனலுக்கும் வெயில் குறையும், மின்சாரம் போதாது. திருப்பினால் சூடு, சாய்த்தால் பற்றரி, இரண்டுக்கும் நடுவே பதினொரு நாள் ஆட்டிக்கொண்டே வைத்திருந்தார்கள். அப்புறம் போன குழு ஒரு சிறிய துவாரத்தால் குடைபோன்ற துணியை வெளியே தள்ளி விரித்தது. உள்ளே சூடு இறங்கியது.

மின்சுற்று எழுதியது:

நான் பற்றரி வேலை செய்பவன், செய்மதி தெரியாது. நீங்கள் எல்லோரும் சூட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். கருவி ஏதோ பழுதாகிப் பெட்டி பாதுகாப்பு நிலைக்குப் போனால் 20 வாற்று இருக்காது, 5 வாற்றுத்தான் ஓடும். கதவு அதே அளவு திறந்திருக்கும். அப்போது என்ன? லிதியம்-அயன் பற்றரியைப் பூச்சியத்துக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது, உள்ளே லிதியம் உலோகமாகப் படியும், திரும்பி வராது.

தெகிவளை_மணி எழுதியது:

இந்த இழையில் கேட்ட மிக முக்கியமான கேள்வி இதுதான். நிலா, நீங்களே போடுங்கள்.

நிலாச்சுற்று எழுதியது:

0.07 சதுர மீற்றர், உள்ளே 5 வாற்று, பூமியிலிருந்து 54. தெறிக்கும் ஒளியை விட்டுவிட்டோம். விடை −47 பாகை. மூன்று தடவை போட்டோம், அதே எண்தான். பூச்சியத்தில் நிறுத்திவைக்க வேண்டும் என்றால் தகடு 15 வாற்றுக் கேட்கிறது, ஆகவே ஹீற்றருக்கு மட்டும் 10 வாற்று. பெட்டி கெட்டுப்போன நேரத்தில் 10 வாற்றை எங்கிருந்து எடுப்பது?

தெகிவளை_மணி எழுதியது:

−47க்கு ஒரே நிழலில் போகாது. பெட்டியின் எடைக்கு அது ஒன்றிரண்டு நாள் எடுக்கும். தரவைப் பார்க்கும்போது ஒவ்வொரு சுற்றிலும் அலைபோல ஏறி இறங்கும் சின்ன மாற்றத்தைப் பார்த்து "சரியாக இருக்கிறது" என்று நினைப்பார்கள், ஆனால் அலையின் நடுக்கோடே மெல்லக் கீழே சரிந்துகொண்டிருக்கும். பார்க்க வேண்டியது அந்த நடுக்கோட்டை.

கதவைச் சின்னதாக்குங்கள். 20 பாகையில் வைத்திருக்க யார் கேட்டார்கள்? மின்சுற்றுகள் 40 பாகையில் சந்தோஷமாக ஓடும். 40 பாகையில் தகடு அதிகம் வீசும், 0.05 சதுர மீற்றர் போதும், அதாவது 22 சென்ரிமீற்றர் சதுரம். நாலு சென்ரிமீற்றர் குறைத்ததற்கு, பாதுகாப்பு நிலைக் கணக்கில் ஹீற்றர் 10 வாற்றிலிருந்து ஆறுக்குக் கீழே இறங்குகிறது. ரேடியேட்டரைப் பெரிதாக வைப்பது பாதுகாப்பு என்று புதியவர்கள் நினைப்பார்கள். பெரிதாக வைத்த ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றருக்கும் பின்னாளில் ஹீற்றர் விலை கொடுக்கும்.

மின்சுற்று எழுதியது:

மன்னிக்கவும் அண்ணை, எனக்கு இது பிடிக்கவில்லை. மின்சுற்றுக்கு 40 சரி, என் பற்றரிக்கு 40 கூடாது. நாளெல்லாம் 40 பாகையில் வைத்திருந்தால் கொள்ளளவு சீக்கிரம் தேயும். ஒரு வெப்பநிலையை இரண்டு பேருக்கும் கொடுக்க முடியாது.

தெகிவளை_மணி எழுதியது:

சரியான எதிர்ப்பு. இரண்டு பேரையும் ஒரே அறையில் வைக்காதீர்கள். சூடு அதிகம் விடும் ஒலிபரப்பியை ரேடியேட்டர் தகட்டில் நேரே திருகி, நடுவே வெப்பம் கடத்தும் பட்டையை வையுங்கள். பற்றரியைக் கண்ணாடியிழைத் துண்டுகள்மேல் நிறுத்தி, தகட்டோடு அதற்கு இருக்கும் தொடர்பை ஏறக்குறைய அறுத்துவிடுங்கள். பற்றரிக்கென்று தனிச் சின்ன உறை, தனிச் சின்ன ஹீற்றர். முழுப் பெட்டியையும் சூடாக்க ஆறு வாற்று வேண்டும், பற்றரியை மட்டும் பூச்சியத்துக்கு மேல் பிடிக்க ஒரு வாற்று அளவில் முடிக்கலாம்.

மின்சுற்று எழுதியது:

அது எனக்குப் பிடிக்கிறது. ஆனால் அறுத்துவிட்டால், பற்றரி தானே விடும் சூடு எங்கே போகும்? வேகமாக வெளியேற்றும்போது அதற்குள்ளேயும் வெப்பம் வரும். என் பார்வையில் ரேடியேட்டருக்கு முன்னால் திறந்து மூடும் தகட்டுச் சன்னல் வைப்பதே நல்லது, சூடானால் திறக்கும், குளிர்ந்தால் மூடும்.

தெகிவளை_மணி எழுதியது:

அப்படிப்பட்ட சன்னல் உண்மையில் உண்டு, ரொசெட்டா விண்கலம் வால்வெள்ளிக்குப் போனபோது அதைத்தான் கொண்டுபோனது. இரண்டு உலோகம் ஒட்டிய சுருள் தானாகத் திருப்பும், மின்சாரம் வேண்டாம். ஆனால் அசையும் பாகம், எடை, 15 கிலோப் பெட்டிக்குக் கொஞ்சம் அதிகம் என்று நான் சொல்வேன். நீங்கள் வேறு மாதிரிச் சொல்லலாம், இதில் எங்கள் கூடத்திலேயே இரண்டு கட்சி இருந்தது.

இன்னொன்று, அவசரம் இல்லாமல் யோசியுங்கள். வெள்ளைப் பெயின்ற் புதிதாக இருக்கும்போது சூரிய ஒளியில் 20 சதவீதத்தை எடுக்கும். புற ஊதாக் கதிரில் சில வருடம் கிடந்தால் மஞ்சளாகும், 40 சதவீதம்கூட ஆகலாம். உங்கள் தகடு வெயில் படாத பக்கம் என்பதால் பெரிதாகப் பாதிக்காது. ஆனால் பெட்டி தடுமாறிச் சுழன்று அந்தத் தகடு சூரியனைப் பார்த்துவிட்டால், சதுர மீற்றருக்கு வரும் 1361 வாற்று வெயிலில் 40 சதவீதம் என்பது 544. 20 பாகையில் தகடு விடுவது 356தான். அந்த நேரத்தில் உங்கள் கதவே அடுப்பாகிவிடும். கண்ணாடித் துண்டுகளுக்குப் பின்னால் வெள்ளி பூசிய ரேடியேட்டர் இப்படி மஞ்சளாகாது, சூரியனில் 10 சதவீதத்துக்குக் கீழேதான் எடுக்கும், ஆனால் உடையும், விலையும் அதிகம்.

பெயின்ற் கிழடாகிறதா என்று தெரிய வேண்டுமென்றால் ஒவ்வொரு வருடமும் ஒரே திகதியில் எடுத்த வெப்பநிலையை ஒப்பிடுங்கள். ஜனவரி தரவை ஜூலையோடு வைத்தால் ஏமாறுவீர்கள். ஜனவரி தொடக்கத்தில் நாம் சூரியனுக்குக் கிட்ட இருக்கிறோம், வெயில் 1400 வாற்றுக்கு மேல், ஜூலையில் 1320 அளவு.

சாந்தி_வத்தளை எழுதியது:

இந்த இழையை விடாமல் வாசித்தேன். இரண்டு அங்குல இடைவெளி விட்டுச் சட்டம் அடிக்க ஆள் பார்த்துவிட்டேன். நிலா தங்கச்சி, உங்கள் உறையில் காற்று வெளியே போக வழி வைத்தீர்களா? மூடின பையை ராக்கெட்டில் வைத்தால் பலூன்போல ஊதாதா?

தெகிவளை_மணி எழுதியது:

அக்கா, பொருத்தும் கூடத்தில் புதுப் பிள்ளைகள் மறப்பது இதைத்தான். ஒவ்வொரு படையிலும் ஊசித்துளை போட்டிருப்போம், அல்லது விளிம்பைத் திறந்து விடுவோம். ஏவும்போது வெளி அழுத்தம் ஒன்றிரண்டு நிமிடத்தில் விழும். வழி இல்லாவிட்டால் உறை ஊதி, தையல் பிய்ந்து, ரேடியேட்டருக்கு மேல் வந்து தொங்கும். அதோடு, ஒவ்வொரு படையின் அலுமினியப் பூச்சையும் பெட்டியின் உடலோடு ஒரு கம்பியால் இணைக்க வேண்டும், இல்லையென்றால் மின்னேற்றம் சேரும்.

நிலாச்சுற்று எழுதியது:

நாங்கள் நாலு விளிம்பையும் ரேப்பால் மூடிவிட்டோம், துளையும் இல்லை. அதை இன்றைக்கே பிரிக்கிறோம்.

எங்களுக்கு ஒரு மணிச்சாடியும் சுழல் பம்ப்பும் பாவிக்க அனுமதி கிடைக்கும்போல இருக்கிறது. அது போதாது என்று அண்ணா சொன்னது தெரியும். ஆனாலும் ஒரே பெட்டியை, ஒரே உறையோடு, காற்றோடு ஒரு தடவை, பம்ப்பை ஓடவிட்டு ஒரு தடவை குளிரவிடப் போகிறோம். அடுத்து அதே உறையை அமுக்கிக் கட்டி மூன்றாவது தடவை. 70 நிமிடம் எங்கே போகிறது என்று பார்த்து மூன்று வளைகோட்டையும் இங்கே போடுகிறேன். பற்றரி விஷயத்தில் எங்கள் நாலு பேரில் இரண்டு பேர் மின்சுற்று அண்ணாவின் சன்னல் கட்சி, இரண்டு பேர் மணி அண்ணா கட்சி.

மின்சுற்று எழுதியது:

வளைகோடு போடும்போது சென்சர் கம்பியின் தடிப்பையும் எழுதுங்கள். தடித்த செப்புக் கம்பி உறைக்குள்ளால் வெளியே வந்தால், அதுவே சூட்டை எடுத்துக்கொண்டு போகும். பிறகு உறையில் பழி போடுவீர்கள்.